கேட்காததை எழுதச் சொல்லாதீர்கள்: செயல்பாட்டு மேலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயல்பாட்டு மேலாளர் அவர்களுக்கும் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவினருக்கும்,

சென்ற மாதம் இரவுப் பணிக் குழுவுக்கு நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையைப் பற்றி எழுதுகிறேன். வாய்ஸ்மெயிலை எழுத்தாக்கும்போது எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது என்கிறது அது. ‘தெளிவில்லை’ என்ற குறிப்பு இனி எழுதுபவரின் பிழையாகக் கணக்கிடப்படுமாம். சந்தேகம் வந்தால் வாடிக்கையாளரின் பழைய பதிவைப் பார்த்துப் ‘பொருத்தமான சொல்லை’ நிரப்பிக்கொள்ள வேண்டுமாம். பேச்சு இல்லாத செய்திகளை ‘வெற்று அழைப்பு’ என்று மூடிவிட வேண்டுமாம். ஊகிக்காமல் எழுதுவது எப்படி என்று ஒன்றரைப் பக்கத்தில் சொன்ன பழைய உள்குறிப்பு அதே நாளில் பகிர்வுக் கோப்புறையிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல். குழுவில் உள்ள எல்லோரும் படிக்கட்டும் என்றுதான் திறந்த மடலாக எழுதுகிறேன். தனி மின்னஞ்சல்களுக்குப் பதில் வரவில்லை என்பதும் ஒரு காரணம்.

முதலில் அந்த டயாலிசிஸ் செய்தியை எடுத்துக்கொள்கிறேன். அதை எழுதிய பெண்ணுக்கு நீங்கள் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருக்கிறீர்கள். கடிதத்தில் ‘கவனக்குறைவு’ என்று இருக்கிறது. நடந்தது அது அல்ல. நோயாளிகளின் பெயர்களை இங்கே மாற்றியிருக்கிறேன். ஓசை ஒற்றுமையை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன், ஏனென்றால் விஷயமே அதில்தான் இருக்கிறது.

டயாலிசிஸ் மையம் இரவில் மூடிய பிறகு அதன் அழைப்புகள் நம் வாய்ஸ்மெயிலுக்கு வருகின்றன. நாம் எழுதி அனுப்புவதைப் பார்த்துத்தான் மறுநாள் காலை வண்டி ஓட்டுநருக்கு வீடுகளின் பட்டியல் போகிறது. அன்றைய செய்தியின் ஒலியில் உண்மையாகவே இருந்தது இவ்வளவுதான்:

“[தொடக்கம் அறுந்தது] …ாட்சி பேசுறேங்க. வெள்ளிக்கிழமை டயாலிசிஸுக்கு [வாகன இரைச்சல், தெளிவில்லை, 00:07–00:10] வீட்டுக்கு வண்டி வேண்[ஒலி அறுந்தது, 00:12]ம். அதான் முன்னாடியே சொல்றேன்.”

அந்தப் பெண் முதலில் ஏறக்குறைய இப்படித்தான் எழுதியிருந்தார். தரக்கட்டுப்பாட்டிலிருந்து ‘பூர்த்தி செய்யவும்’ என்ற ஒரு வரியோடு திரும்பி வந்தது. சுற்றறிக்கை சொன்னபடி அவர் பழைய பதிவைத் திறந்தார். வண்டியில் வழக்கமாக வருகிற மீனாட்சி என்பவர் பட்டியலில் இருந்தார். மகன் ஊரிலிருந்து வந்தால் வண்டி வேண்டாம் என்று அவர் முன்பு சொல்லியிருந்ததும் பதிவில் இருந்தது. எல்லாம் பொருந்தியது. இரண்டாவது முறை மேலே போன வாசகம்: “மீனாட்சி பேசுகிறேன். வெள்ளிக்கிழமை டயாலிசிஸுக்கு மகன் அழைத்து வருகிறான். வீட்டுக்கு வண்டி வேண்டாம். அதனால் முன்பே சொல்கிறேன்.” அழகான வாசகம். ஒரு கட்டமும் காலியில்லை. தரக்கட்டுப்பாடு அதற்கு முழு மதிப்பெண் கொடுத்தது.

பேசியவர் காமாட்சி. எப்போதும் மகனோடு வருகிறவர். அந்த வெள்ளிக்கிழமை மகன் ஊரில் இல்லை, அதனால் வண்டி வேண்டும் என்று மருமகளின் தொலைபேசியிலிருந்து கூப்பிட்டிருக்கிறார். அந்த எண் நம் பதிவில் இல்லை. வெள்ளிக்கிழமை காலை காமாட்சி வீட்டுக்கும் வண்டி போகவில்லை, மீனாட்சி வீட்டுக்கும் போகவில்லை. மீனாட்சி ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்துவிட்டார். காமாட்சியால் முடியவில்லை. டயாலிசிஸ் ஒருமுறை தவறினால் சிறுநீராகப் போக வேண்டிய நீர் உடம்பிலேயே தங்கும். நுரையீரலில் சேர்ந்தால் படுக்கவே முடியாது. ஞாயிறு இரவு மூச்சுத் திணறலோடு அவரை அவசரப் பிரிவில் சேர்த்தார்கள். இப்போது தேறிவிட்டார் என்று மையத்திலிருந்து சொன்னார்கள்.

அந்தப் பன்னிரண்டாவது வினாடியில் என்ன இருந்தது என்பதை நீங்கள் ஒருமுறை அலைவடிவத்தில் பார்க்க வேண்டும். இணையவழித் தொலைபேசியில் குரல் சிறு துண்டுகளாக, பெரும்பாலும் 20 மில்லிவினாடித் துண்டுகளாக, வந்து சேருகிறது. அந்த இடத்தில் அடுத்தடுத்து ஐந்து துண்டுகள் வரவில்லை. மொத்தம் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு. ஒரு உயிரெழுத்து ஒலிக்க அவ்வளவு நேரம் போதும். ‘வேணும்’ என்பதற்கும் ‘வேணாம்’ என்பதற்கும் இடையில் இருப்பது அந்த ஒரு உயிர்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. துண்டுகள் தொலையும்போது கருவி சும்மா இருப்பதில்லை. காது உறுத்தாமல் இருப்பதற்காக, கடைசியாக வந்த ஒலியையே திரும்பத் திரும்பப் போட்டு மெல்லத் தணிக்கிறது. சாதாரணத் தொலைபேசிக் குறியீட்டுக்கான ஜி.711 தரநிலையின் இணைப்பில் உள்ள முறைப்படி, 60 மில்லிவினாடிக்குப் பிறகும் துண்டு வராவிட்டால் முழு அமைதி. ஆகவே அந்த இடத்தில் நம் காதில் விழுகிற நீண்ட ‘ண்’ காமாட்சியின் வாயிலிருந்து வந்ததல்ல. கருவி இட்டு நிரப்பியது. ஒலியைக் கூட்டினாலும், வேகத்தைக் குறைத்தாலும், இரைச்சல் நீக்கும் மென்பொருளைப் போட்டாலும், வராத துண்டு வராது. கருவி ஒருமுறை ஊகித்ததன் மேல் மனிதரையும் ஊகிக்கச் சொன்னால் மேலே போவது யாருடைய வார்த்தை?

நம் மொழியில் இந்த ஆபத்து கூடுதல். ஆங்கில வாடிக்கையாளர்களுக்கான வழிகாட்டியை அப்படியே எடுத்து நமக்குக் கொடுத்தவர்கள் இதை யோசித்ததாகத் தெரியவில்லை. தமிழில் உண்டா இல்லையா என்பது வாக்கியத்தின் கடைசியில்தான் தெரிகிறது. “நாளைக்கு வர முடி” என்பதோடு ஒலி அறுந்தால் அதன் பிறகு ‘யும்’ வந்திருக்கலாம், ‘யாது’ வந்திருக்கலாம். முன்னால் உள்ள எல்லாச் சொற்களும் தெளிவாகக் கேட்டிருக்கும். முடிவு மட்டும் இருக்காது. தெளிவாகக் கேட்ட சொற்களின் விகிதத்தை வைத்து மதிப்பெண் போடுகிற உங்கள் அட்டவணையில் இப்படிப்பட்ட செய்தி உயர்ந்த மதிப்பெண் வாங்கும்.

எண்களும் அப்படியே. பேச்சில் ‘ஒம்பது’ என்பதும் ‘அம்பது’ என்பதும் முதல் உயிரில் மட்டுமே வேறுபடுகின்றன. தொலைபேசி எண்ணை ஆங்கிலத்தில் சொல்கிறவர்களிடம் ‘ஃபைவ்’, ‘நைன்’ இரண்டும் குழம்பும். வானொலித் தொடர்பில் விமானிகள் ஒன்பதை ‘நைனர்’ என்று நீட்டிச் சொல்வது இந்தக் குழப்பத்துக்காகத்தான். பழைய தொலைபேசித் தடம் ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்துகிறது. ‘ஸ’, ‘ஃப’ போன்ற ஒலிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுகிற பகுதி பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கிறது. நல்ல தடத்திலேயே இந்த நிலை.

“அனுபவசாலிகளுக்குக் கேட்டுவிடும்” என்று கூட்டத்தில் சொன்னீர்கள். அனுபவம் இந்த இடத்தில் உதவுவதைவிடக் கெடுப்பதுதான் அதிகம். 1970-இல் ரிச்சர்ட் வாரன் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். பதிவு செய்த ஒரு வாக்கியத்தில் ஒரே ஓர் ஒலியை முழுதாக வெட்டி எடுத்துவிட்டு அங்கே ஓர் இருமலை வைத்தார். கேட்டவர்களுக்குச் சொல் முழுதாகவே கேட்டது. இருமல் எந்த இடத்தில் வந்தது என்று அவர்களால் சரியாகச் சுட்டவும் முடியவில்லை. மொழி நன்றாகத் தெரிந்த மூளை இட்டு நிரப்புகிறது. இட்டு நிரப்பியதாக நம்மிடம் சொல்வதில்லை. அதனால்தான் ‘எனக்குத் தெளிவாகக் கேட்டது’ என்று ஒருவர் சத்தியம் செய்வதைச் சான்றாக எடுக்க முடியாது.

எதைக் கேட்கப் போகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். நியூசிலாந்தில் 1994-இல் நடந்த ஒரு குடும்பக் கொலை வழக்கில் டேவிட் பெயின் என்பவர் அவசர உதவி எண்ணுக்குக் கூப்பிட்ட பதிவு இருந்தது. அதில் ஓர் இடத்தில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் சிலருக்குக் கேட்டது. அது வெறும் மூச்சொலி என்றும் வல்லுநர்கள் சொன்னார்கள். 2009-இல் மறுவிசாரணைக்கு முன் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்தப் பகுதியை நடுவர் குழுவுக்குப் போட்டுக் காட்டக் கூடாது என்று தள்ளிவிட்டது. விசாரணையில் அவர் விடுவிக்கப்பட்டார். பின்னர் ஹெலன் ஃபிரேசர் என்ற ஒலியியலாளரும் உடன் பணியாற்றியவர்களும் அதே பதிவை வைத்து ஆய்வு செய்தபோது, ஒரு வாசகத்தைக் காதில் போட்டுவிட்டால் கேட்பவர்களில் பலருக்கு அதுவே கேட்கத் தொடங்குகிறது, எளிதில் போவதும் இல்லை என்று கண்டார்கள். பழைய பதிவைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதச் சொல்லும் உங்கள் மூன்றாவது விதி இதைத்தான் செய்கிறது. மகன் என்ற சொல் கண்ணில் பட்ட பிறகு வாகன இரைச்சலுக்குள் மகன் வந்துவிட்டான்.

பழைய உள்குறிப்பு இதற்கு மிக எளிய ஏற்பாடு வைத்திருந்தது. வாடிக்கையாளர் பதிவைத் திறக்காமல் முதலில் முழுச் செய்தியையும் இயல்பான வேகத்தில் ஹெட்போனில் கேட்பது. கேட்டதை மட்டும் எழுதுவது. விட்டுப்போன இடத்தை இன்னும் இரண்டு மூன்று முறை கேட்பது, அதோடு நிறுத்துவது. பத்து முறை போட்டுக் கேட்டால் தெளிவு வராது. முதலில் தோன்றிய ஊகம்தான் கெட்டிப்படும். பிறகு இன்னொருவர், முதலாமவர் எழுதியதைப் பார்க்காமல், அந்த இடத்தை மட்டும் கேட்டு எழுதுவது. இரண்டும் ஒத்துப்போனால் சொல். ஒத்துப்போகாவிட்டால் நேரக் குறிப்போடு ‘தெளிவில்லை’. அழைப்பு வந்த எண், பழைய பதிவில் உள்ள விவரம் எல்லாம் தனிக் கட்டத்தில், ‘பதிவிலிருந்து’ என்ற தலைப்பில். எது ஒலி, எது நம் கோப்பு என்று மையத்தில் படிக்கிறவருக்குத் தெரிய வேண்டும்.

குறிப்புகளையும் பழைய தாள் பிரித்துச் சொல்லியிருந்தது. பேச்சு இருக்கிறது, புரியவில்லை என்றால் ‘தெளிவில்லை’. பேச்சே வந்து சேரவில்லை என்றால் ‘ஒலி அறுந்தது’. முன்னதை இன்னொரு காது மீட்கக்கூடும். பின்னதை யாராலும் மீட்க முடியாது, திரும்பக் கூப்பிட்டே ஆக வேண்டும். இந்த ஒரு வேறுபாடு நம் நேரத்தை எவ்வளவு மிச்சப்படுத்தியது என்பதை இரவுப் பணியில் இருந்தவர்களைக் கேளுங்கள்.

திரும்பக் கூப்பிடுவதிலும் ஊகம் நுழைந்துவிடும். “வெள்ளிக்கிழமை வண்டி வேண்டாம் என்றுதானே சொன்னீர்கள் அம்மா?” என்று கேட்டால், காது மந்தமான ஒருவர், அதுவும் மருத்துவமனையிலிருந்து கூப்பிடுகிறார்கள் என்ற பதற்றத்தில் இருப்பவர், “ஆமாம்மா” என்றுதான் சொல்வார். “உங்கள் பெயர் என்ன அம்மா? எந்தக் கிழமைக்கு, என்ன ஏற்பாடு வேண்டும்?” என்று கேட்டால் அவரே சொல்வார். அவர் சொன்னதை நாம் ஒருமுறை திரும்பச் சொல்ல வேண்டும். அந்த இரவில் இந்தக் கேள்வியைக் கேட்க ஒரு நிமிடம் கூட ஆகியிருக்காது. திரும்பக் கூப்பிடும் நேரம் சராசரிக் கையாளும் நேரத்தில் சேருகிறது என்பதால்தான் யாரும் கூப்பிடுவதில்லை. இது உங்களுக்கும் தெரியும்.

இனி மௌனம். ‘வெற்று அழைப்பு’ என்று ஒன்று கிடையாது. பேச்சில்லாத செய்திகளில் பல வகை உண்டு, கேட்டாலே பிரித்துவிடலாம். மின்விசிறி, தொலைக்காட்சி, மூச்சு ஏதாவது கேட்கிறதென்றால் அந்தப் பக்கம் ஒரு அறை இருக்கிறது, ஒலிவாங்கி திறந்திருக்கிறது. பையில் கிடந்த தொலைபேசி தானாக அழைத்திருந்தால் துணி உரசும் சத்தம் வரும். விசைகளை அழுத்தும் ஓசை கேட்டால், அவர் தேர்வுப் பட்டியலில் இன்னும் இருப்பதாக நினைத்து எண்களை அழுத்திக்கொண்டிருக்கிறார்; அவருக்கு உதவி தேவை, பேச வேண்டிய நேரம் அது என்பது அவருக்குத் தெரியவில்லை. ஒன்றுமே இல்லாமல், அலைவடிவம் ஒரு தட்டையான கோடாக, மூச்சின் நிழல்கூட இல்லாமல் இருந்தால் அது மனித மௌனமே அல்ல. எந்த வீட்டிலும் அவ்வளவு அமைதி இருக்காது. அது கருவியின் கோளாறு.

இரண்டு வாரங்களுக்கு முன் நம் ஃபயர்வால் மாற்றப்பட்ட இரவில் இதுதான் நடந்தது. அழைப்பை இணைக்கும் தகவல் ஒரு வழியிலும் குரல் வேறொரு வழியிலும் வருகின்றன. முதல் வழி திறந்திருந்து இரண்டாவது மூடியிருந்தால் அழைப்பு வரும், எண் பதிவாகும், குரல் மட்டும் இருக்காது. அன்று ஒரே தடத்தில் வந்த செய்திகள் வரிசையாகத் தட்டைக் கோடுகள். எல்லாம் ஒரே நீளம், ஏனென்றால் குறிப்பிட்ட வினாடிகள் ஒலி இல்லாவிட்டால் பதிவை முடித்துவிடும்படி நம் அமைப்பு வைக்கப்பட்டிருக்கிறது. பேசியவர்கள் பேசிக்கொண்டேதான் இருந்திருப்பார்கள். மௌனச் செய்திகளை வகை பிரித்து எழுதும் பழைய வழக்கம் இருந்திருந்தால் இரண்டாவது தட்டைக் கோட்டிலேயே யாராவது தொழில்நுட்பப் பிரிவைக் கூப்பிட்டிருப்பார்கள். சுற்றறிக்கைப்படி எல்லாம் ‘வெற்று அழைப்பு’ என்று மூடப்பட்டன. கோளாறு தெரிந்தது மறுநாள் காலை, மையத்திலிருந்து திட்டு வந்த பிறகு.

அந்த மௌன வரம்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இது எழுதுபவர்களின் கையில் இல்லாத விஷயம். நம் ஆஸ்டரிஸ்க் அமைப்பில் அதை ஐந்து வினாடியாகக் குறைத்து வைத்திருக்கிறார்கள், சேமிப்பிடம் மிச்சமாகும் என்று. மூச்சு வாங்குகிற நோயாளி ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவில் அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வார். மாத்திரைச் சீட்டைத் தேடுகிறவர் இன்னும் கூடுதலாக எடுத்துக்கொள்வார். அவர்களுடைய செய்திகள் பாதியில் முடிந்து நம்மிடம் வருகின்றன. மீதியை ஊகிக்கச் சொல்கிறீர்கள். `voicemail.conf` கோப்பில் ஒரு வரியை மாற்றினால் போதும்:

```
maxsilence=10
```

அந்த மென்பொருளோடு வரும் மாதிரிக் கோப்பிலேயே பத்து வினாடிதான் இருக்கிறது. குறைத்தது நாம்.

காலிக் கட்டம் வாடிக்கையாளர் நிறுவனத்துக்கு நம்மைத் திறமையற்றவர்களாகக் காட்டுகிறது என்ற உங்கள் வாதத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. மாத அறிக்கையில் ‘தெளிவில்லை’ அதிகம் இருந்தால் ஒப்பந்தப் பேச்சில் அது எழும். ஆனால் அந்த எண்ணிக்கை தடத்தின் தரத்தைச் சொல்கிறது. அதைச் சுழியாக்கினால் பழுதான தடம் எது, எந்த நேரத்தில் துண்டுகள் தொலைகின்றன என்று கண்டுபிடிக்கும் வழியும் போய்விடும். சோம்பலால் ‘தெளிவில்லை’ போடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். இரண்டாவது காது அதற்குத்தான். அவர் கேட்டு எழுதிவிட்டால் முதலாமவரின் சோம்பல் வெளிப்பட்டுவிடும்.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் இவை. சுற்றறிக்கையின் நான்கு விதிகளையும் திரும்பப் பெற்று, பழைய உள்குறிப்பை மறுபடியும் கோப்புறையில் வையுங்கள். நேரக் குறிப்போடு எழுதப்படும் ‘தெளிவில்லை’, ‘ஒலி அறுந்தது’ ஆகியவற்றைப் பிழைக் கணக்கிலிருந்து நீக்குங்கள். ஒலியில் இல்லாத சொல்லை எழுதுவதைப் பிழைகளிலேயே பெரியதாக வையுங்கள். தரக்கட்டுப்பாட்டினர் எழுத்தை மட்டும் படித்து மதிப்பெண் போடாமல், ஒலியையும் கேட்டுவிட்டுப் போடட்டும். பெயர், கிழமை, எண், வேண்டும்-வேண்டாம் ஆகிய நான்கில் ஏதேனும் ஒன்று கேட்கவில்லை என்றால் திரும்பக் கூப்பிடுவது கட்டாயம் என்று விதி வையுங்கள். அந்த நேரத்தைக் கையாளும் நேரக் கணக்கில் சேர்க்காதீர்கள். மூன்று முறை கூப்பிட்டும் எடுக்காவிட்டால் விடியும் முன் மையத்தின் பணிப் பொறுப்பாளருக்கு அந்தச் செய்தி ஒலியோடு போக வேண்டும். தட்டைக் கோடாக வருகிற இரண்டாவது செய்தியிலேயே தொழில்நுட்பப் பிரிவுக்கு எச்சரிக்கை போக வேண்டும். மௌன வரம்பைப் பத்து வினாடியாக உயர்த்துங்கள். மூலப் பதிவை மையம் உறுதிப்படுத்தும் வரை அழிக்காதீர்கள்.

கடைசியாக, அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த எச்சரிக்கைக் கடிதத்தை அவருடைய கோப்பிலிருந்து எடுத்துவிட்டு, எடுத்ததை அவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அவர் முதலில் எழுதி அனுப்பிய வாசகமும் ‘பூர்த்தி செய்யவும்’ என்று திரும்பி வந்த குறிப்பும் அமைப்பின் திருத்த வரலாற்றில் நேரத்தோடு இருக்கின்றன. அடுத்த திங்கட்கிழமைக் குழுக் கூட்டத்துக்குள் உங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறோம். அதுவரை ஒலியில் இல்லாத எதையும் நாங்கள் எழுதப் போவதில்லை.

இப்படிக்கு,
இரவுப் பணி வாய்ஸ்மெயில் பிரிவில் எழுதுபவர்களில் ஒருவர்